கிள்ளானுக்குக் கிளம்பின மாப்ளைக்கு

வாடா மாப்ள, இப்படி வெயில் படுற பக்கமா உக்காரு. பூம்பாறையிலேர்ந்து மலேசியாவுக்குக் கிளம்பிட்டியாமே, கிள்ளான்ல இருக்குற அக்காவைப் பாக்க. ஊரே பேசுது. திருச்சிக்கு எந்த பஸ், விமானத்துல சோறு உண்டா, ஜன்னலோரம் கிடைக்குமா, அத்தனையும் விசாரிச்சிருக்க. கோலாலம்பூர்ல இறங்கினதும் கவுண்டர்ல ஒரு ஆபீசர் உக்காந்திருப்பாரே, அவர்கிட்ட என்ன பேசப்போறன்னு மட்டும் ஒருத்தரும் உன்னைக் கேக்கலை. மக வீட்டுக்குப் போய் வந்தவன், நான் கேக்குறேன்.

"விசாவே வேணாம் மாமா, சும்மா போகலாம்"னு நீ சொல்லுவ. வேணாம்தான். 2023 டிசம்பர்லேர்ந்து இந்தியாக்காரங்க சுத்திப் பாக்கவோ சொந்தக்காரங்களைப் பாக்கவோ போனா 30 நாள் வரைக்கும் விசா இல்லாம விடுறாங்க. ஆனா அதுக்குக் கதவு தொறந்தே கெடக்குன்னு அர்த்தமில்ல. விசா இல்லைன்னா விசா ஆபீசுல கேக்க வேண்டிய கேள்வியையும் சேத்து அந்தக் கவுண்டர்லயே கேப்பாங்க. அந்த மனுசன் வேணாம்னு நினைச்சா நீ ஊருக்குள்ள கால் வைக்க முடியாது. வந்த கம்பெனி விமானத்துலயே ஏத்தித் திருப்பி அனுப்பிருவாங்க. எம்.டி.ஏ.சி.ன்னு ஒரு படிவம், இறங்குறதுக்கு மூணு நாளைக்குள்ள போன்லயே நிரப்பணும். காசு கிடையாது. யாராச்சும் அதுக்குப் பணம் கேட்டா, அது அவன் வயித்துக்கு.

முதல்ல திருச்சியிலேயே நம்ம நாட்டு ஆபீசரைத் தாண்டணும். நீதான் ஒம்பதாவதோட பள்ளிக்கூடத்துக்கு விடை குடுத்த மகராசனாச்சே, உன் பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர்.னு போட்டிருக்கும். பத்தாவது தேறாதவங்க சில நாடுகளுக்கு வேலைக்குப் போனா குடியேற்ற அனுமதி வாங்கணும். 1983ல வந்த சட்டம் அது. அந்த நாடுகள்ல மலேசியாவும் ஒண்ணு. நீ வேலைக்குப் போகலை, அதனால அனுமதி வேணாம். ஆனா சொந்தக்காரங்களைப் பாக்கப் போறதைச் சாக்கா வெச்சு வேலைக்குப் போறவங்க நிறைய இருக்குறதால, உன்னை ரெண்டு கேள்வி கூடக் கேப்பாங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. "அக்காவைப் பாக்கப் போறேன் சார், இந்தாங்க திரும்பி வர டிக்கெட்டு." அவ்வளவுதான்.

இப்ப கோலாலம்பூர். வரிசையில நிக்கும்போதே அந்தக் குரங்குக் குல்லாயையும் மப்ளரையும் கழட்டிப் பையில வையி. நம்ம மலைக்குளிருக்குப் போட்டதைக் காதோட இறுக்கிக்கிட்டு அந்த ஊர்ப் புழுக்கத்துல நின்னா, ஆபீசருக்கு முன்னாடி கேமராவே உன்னைச் சந்தேகப்படும். போனைத் தூக்கிப் படம் எடுக்காத, அக்காவுக்கு வீடியோ காலும் போடாத. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு, கூப்பிட்டதும் போ.

போனதும் என்ன சொல்லுவ? "வணக்கமுங்க, சாப்டாச்சுங்களா?" அதானே? நம்ம ஊர்ல அது மரியாதை. அவருக்குப் பின்னால ஒரு விமானமே வரிசை கட்டி நிக்குது, அவர் சாப்பாட்டுக் கணக்கை உன்கிட்ட ஒப்பிக்க முடியுமா? "குட் மார்னிங் சார்." பொம்பளை ஆபீசர்னா "மேடம்." முகத்தைப் பாத்து லேசாச் சிரி, பாஸ்போர்ட்டை உறையிலேர்ந்து எடுத்து, போட்டோ இருக்குற பக்கத்தைத் தொறந்து குடு. கையை நீட்டிக் குலுக்கப் போகாத. அப்புறம் வாயை மூடு. சட்டையில தமிழ்ப் பேரா ஒரு அட்டை தொங்கலாம், அங்க நம்மாளுகளும் அந்த உத்தியோகத்துல இருக்காங்க. பாத்ததும் "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க, மதுரைப் பக்கமா?"ன்னு ஆரம்பிச்சிராத. அவரே தமிழ்ல பேசினா நீயும் தமிழ்ல சொல்லு. அதுக்காக உறவுமுறை வெச்சுக் கூப்பிடாத.

சரி, நான்தான் ஆபீசர். எதுக்கு வந்திருக்க?

"அக்காவைப் பாக்க... மச்சான் மளிகைக்கடை வெச்சிருக்காரு, ஆள் பத்தலையாம், ஒரு மாசம் கூடமாட நின்னு..."

போச்சுடா! முடிஞ்சுது உன் யாத்திரை. கூலி வாங்காட்டியும் கடையில நின்னா அவங்க கணக்குல அது வேலை. பாக்க வந்தவனுக்குக் குடுக்குற அனுமதியில வேலை செய்யக் கூடாது. பொய் சொல்லுன்னு நான் சொல்லலை மாப்ள, கடைப்பக்கமே நிக்காதங்கிறேன். கடையில நிக்கிற எண்ணமிருந்தா இப்பவே பெட்டியைப் பிரி. இல்லைன்னா இப்படிச் சொல்லு: "விசிட்டிங் மை சிஸ்டர், சார்."

எத்தனை நாள்? "டுவெல் டேஸ்." டிக்கெட்டுலயும் பன்னெண்டு நாள்தான் இருக்கணும். படிவத்துல ஒண்ணு, டிக்கெட்டுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு மூணு கணக்கு சொன்னா அங்கதான் சிக்கல். எங்க தங்குற? அக்கா வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் ஒரு தாள்ல இங்கிலீசுல எழுதி மேல் பாக்கெட்டுல வையி. போன்ல இருக்குன்னு நம்பாத, இறங்குற நேரம் பாத்துத்தான் சார்ஜ் செத்துப்போகும். எவ்வளவு பணம் வெச்சிருக்கன்னு கேட்டா தொகையைச் சொல்லு, நோட்டை எடுத்து எண்ணிக் காட்டாத. கேள்வி புரியலைன்னா "ப்ளீஸ் ரிப்பீட், சார்." புரியாம எல்லாத்துக்கும் "எஸ், எஸ்"னு தலையாட்டுற பழக்கம் உனக்கு உண்டு. "வேலைக்கு வந்தியா?"ன்னு கேட்டாலும் ஆட்டிருவ.

அடுத்தது உன் விரல். ரெண்டு ஆள்காட்டி விரலையும் கண்ணாடி மேல வைக்கச் சொல்லுவாங்க. நீ வருசமெல்லாம் பூண்டு நட்டு, பிடுங்கி, உரிச்ச கை. ரேகை தேஞ்சு கெடக்கு. ரேசன் கடை மிசினே உன் கையை ஏத்துக்காம எத்தனை தடவை திரும்பிப் போயிருக்க! அங்கயும் அப்படி ஆகலாம். பதறாத. அழுத்தினா பதியும்னு நினைச்சு ஊணி ஊணி அமுக்காத. அழுத்துனா ரேகை நசுங்கி இன்னும் மோசமாத்தான் விழும். விரல் ரொம்பக் காஞ்சிருந்தாலும் பதியாது. கொஞ்சம் ஈரமாத் துடைச்சு, தட்டையா வெச்சு, ஆடாம நில்லு. மறுபடி வைக்கச் சொன்னா வையி. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து ராத்திரி தேங்கா எண்ணெய் தடவிப் படு, அன்னைக்கு மட்டும் தடவாத.

ஒருவேளை பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு "அந்தப் பக்கம் வா"ன்னு ரூமுக்குக் கூப்பிட்டா, அது ஜெயில் இல்ல. இன்னும் கொஞ்சம் விசாரிக்கணும்னு அர்த்தம். "நான் என்ன திருடனா"ன்னு நம்ம சந்தையில கத்துற மாதிரி கத்தாத. பாஸ்போர்ட்டுக்குள்ள நோட்டைச் செருகிக் குடுக்குற புத்தி சொல்ல நம்ம டீக்கடையில ஒருத்தன் இருக்கான், அவன் வத்தலக்குண்டைத் தாண்டினதே இல்ல. போ, உக்காரு, அதே பதிலை அதே மாதிரி சொல்லு. அக்கா நம்பரைக் குடு, அவங்க பேசிக்கட்டும். அன்னைக்கு உங்க அக்காவும் போனைக் கையிலயே வெச்சிருக்கணும், இப்பவே சொல்லி வையி.

முத்திரை குத்திக் குடுத்ததும் "தேங்க் யூ சார்"னு வாங்கி நகரு. ரெண்டு அடி தள்ளி நின்னு முத்திரையையும் தேதியையும் பாத்துக்க. அப்புறம் பெட்டி எடுக்குற இடம், அதுக்கப்புறம் சுங்கம். அங்க இன்னொரு ஆபீசர். அக்காவுக்குன்னு ரெண்டு கிலோ மலைப்பூண்டு கட்டி வெச்சிருக்கியாமே? நம்ம கொடைக்கானல் பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தது நமக்குப் பெருமைதான். ஆனா அந்த ஆபீசருக்கு அது முளைக்கிற சரக்கு. செடி, விதை மாதிரி சமாச்சாரத்துக்கெல்லாம் அங்க அனுமதிச் சீட்டு கேப்பாங்க. அதைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சு மாட்டுறதை விட, போற வழியில என் வீட்டுத் திண்ணையில வெச்சுட்டுப் போ. உங்க அத்தைக்கு ரசத்துக்குப் பூண்டு இல்லையாம்.