ஊறுகாய் பாட்டில் மூடியும் இரு கைகளின் உரிமைப் பிரச்சினையும்

இறுகிப்போன ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும் வேலையில் இரண்டு கைகள் ஈடுபடுகின்றன. ஒன்று மூடியைத் திருகுகிறது. மற்றது பாட்டிலைப் பிடித்திருக்கிறது. மூடி கழன்றதும் பாராட்டு முழுவதும் திருகிய கைக்கே போகிறது. இது இயற்பியலுக்கு ஒவ்வாத வழக்கம். பாட்டில் தரையிலோ மேசையிலோ ஊன்றப்படாமல் அந்தரத்தில் இருக்கும்வரை, மூடியின்மேல் ஒரு கை எவ்வளவு திருப்புவிசை செலுத்துகிறதோ, அதே அளவை எதிர்த்திசையில் மற்றக் கை தாங்கியாக வேண்டும். தாங்கத் தவறினால் மூடியோடு பாட்டிலும் சேர்ந்தே சுழலும். வலக்கைக்காரர்களின் வீட்டில் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவருவது பெரும்பாலும் இடக்கை.

இரு கைகளின் பலத்தை அளக்க மருத்துவமனைகளில் டைனமோமீட்டர் என்ற பிடிமானி உண்டு. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி உட்கார்ந்து, கருவியை இறுக்கிப் பிடித்தால் முள் நகரும். வலக்கைக்காரர்களிடம் வலக்கைப் பிடி இடக்கையைவிடச் சராசரியாகப் பத்து சதவீத அளவுக்குக் கூடுதலாக இருக்கும். கைச் சிகிச்சை நிபுணர்கள் நெடுங்காலமாக இதை ஒரு விதியாகவே வைத்திருந்தார்கள். இடக்கைக்காரர்களிடம் அந்த விதி செல்லாது. அவர்களுடைய இரு கைகளும் சராசரியில் ஏறக்குறைய சமம். கத்தரிக்கோல், அரிவாள்மனை, திருகாணி எல்லாம் வலக்கைக்கென்றே செய்யப்பட்ட உலகில் பிழைக்க, அவர்களுடைய வலக்கையும் நாள் முழுக்க உழைக்க வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணம். ஆக, கைப்பழக்கத்தால் வரும் பலத்தின் வித்தியாசத்தில் ஒரு பங்கு வெறும் உழைப்பின் கூலி. டென்னிஸ் ஆட்டக்காரர்களின் ஆடும் கையில் மேற்கை எலும்புகூட மற்றக் கையினுடையதைவிடத் தடித்திருப்பதை எக்ஸ்ரேயில் காணலாம்.

ஆனால் உழைப்பு மட்டுமே காரணம் என்றால், எந்தக் கை உழைக்கும் என்பது முதலில் எப்படி முடிவானது? கருவிலிருக்கும் சிசுக்களை ஸ்கேனில் பார்த்தவர்கள், விரல் சூப்பும் சிசுக்களில் பெரும்பாலானவை வலக்கைக் கட்டைவிரலையே சூப்புவதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட சிலரைப் பத்து வயதுக்கு மேல் மீண்டும் சோதித்தபோது, வலது விரல் சூப்பியவர்கள் அனைவரும் வலக்கைக்காரர்களாக இருந்தார்கள். இடது விரல் சூப்பியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இடக்கைக்காரர்கள். ஊறுகாயின் பரிச்சயம் இல்லாத பருவத்திலேயே சாய்வு தொடங்கிவிடுகிறது.

தசைக்குக் கட்டளை போகும் பாதையும் இதில் சேரும். மூளையின் இடப்பக்கத்திலிருந்து கிளம்பும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி, முகுளத்தின் அடிப்பகுதியில் எதிர்ப்பக்கம் கடந்து வலப்பக்கத் தசைகளுக்குப் போகிறது. ஆகவே வலக்கையின் சாமர்த்தியம் என்பது பெரும்பாலும் இடமூளையின் சாமர்த்தியம். பலத்திலும் நரம்புக்குப் பங்குண்டு என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் ஒரு கைக்கு மட்டும் பிடிப் பயிற்சி கொடுத்தார். சும்மா இருந்த மற்றக் கையும் பலம் கூடியது. எந்த வேலையும் செய்யாமல் கூலி வாங்கிய கை என்று அதைக் குறை சொல்ல முடியாது. கட்டளையிடும் இடம் பழகியதால் வந்த பலம் அது.

இரு கைகளுக்கிடையே பெரிய வித்தியாசம் பலத்தில் இல்லை, கட்டுப்பாட்டில் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் செயின்பர்க் இதை விரிவாக ஆராய்ந்தார். முழங்கையைச் சட்டென நீட்டினால் முன்கையின் வேகம் மேற்கையையும் இழுத்துக்கொண்டு போகும். வலக்கைக்காரரின் வலக்கை இந்த இழுப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பத் தோள் தசைகளை இயக்கி நேர்கோட்டில் போகிறது. இடக்கையின் பாதை வளைகிறது. ஆனால் எதிர்பாராமல் யாராவது கையைத் தட்டிவிட்டால், ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதில் இடக்கை சளைப்பதில்லை. சில சோதனைகளில் வலக்கையை முந்தவும் செய்கிறது. எனவே இடக்கையை அரைகுறை வலக்கை என்று கருதுவது தவறு. அது பிடித்து நிறுத்துவதில் தேர்ந்த கை. தேங்காய் உடைப்பவர் இடக்கையில் காயை ஏந்தி வலக்கையால் அரிவாளை இறக்குவது இந்த வேலைப் பிரிவினைப்படியே. மாற்றிச் செய்து பார்க்க இக்கட்டுரை யாரையும் தூண்டவில்லை.

ஒருவர் எந்தக் கைக்காரர் என்பதை அளக்க, 1971-இல் ஓல்ட்ஃபீல்ட் வெளியிட்ட எடின்பரோ வினாப்பட்டியல் இன்றும் பயன்படுகிறது. எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் துலக்குவது, கத்தி, கரண்டி, துடைப்பத்தில் மேலே இருக்கும் கை, தீக்குச்சி உரசுவது, பெட்டி மூடியைத் திறப்பது என்று பத்து வேலைகள். எப்போதும் ஒரே கை என்றால் அந்தப் பக்கம் இரண்டு குறி. பெரும்பாலும் என்றால் ஒன்று. எதுவானாலும் சரி என்றால் பக்கத்துக்கு ஒன்று. உதாரணமாக ஓர் இல்லத்தரசி முதல் நான்கிலும் கத்தி, கரண்டியிலும் எப்போதும் வலம், பல் துலக்கவும் தீக்குச்சிக்கும் பெரும்பாலும் வலம், துடைப்பத்துக்குப் பெரும்பாலும் இடம், மூடிக்கு இரண்டும். வலத்துக்கு 15, இடத்துக்கு 2. வித்தியாசம் 13-ஐக் கூட்டுத்தொகை 17-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 76. நல்ல வலக்கைக்காரர்.

இந்தப் பட்டியல் நம்மூருக்கு வரும்போது இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. சாப்பிடும் கையைப் பாட்டிமார்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதால், கரண்டி பற்றிய கேள்வி கையை அளக்காமல் வளர்ப்பை அளந்துவிடுகிறது. இரண்டாவது, நம் விளக்குமாற்றுக்கு நீண்ட கம்பு கிடையாது. ஒரு கையால் பிடித்துக் குனிந்து பெருக்குவதில் மேல் கை, கீழ்க் கை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி மூடிக்கு வருவோம். மூடியின் மரை வலச்சுற்றில் இறுகும், இடச்சுற்றில் கழலும். முன்கையைத் திருப்பும் இரு அசைவுகளில், உள்ளங்கை மேல்நோக்கிப் புரளும் திருப்பமே பலமானது, ஏனென்றால் மேற்கையின் பெரிய தசையான பைசெப்ஸ் அதற்குத் துணை நிற்கிறது. வலக்கையில் அந்தத் திருப்பம் வலச்சுற்று. ஆகவே வலக்கைக்காரர் தம் பலமான கையின் பலமான திருப்பத்தால் மூடியை இறுக்குகிறார். மறுநாள் அதே கையின் பலவீனமான திருப்பத்தால் திறக்க வேண்டியவர் பெரும்பாலும் வேறொருவர். குடும்பங்களில் எழும் "யார் இப்படி மூடி வைத்தது?" என்ற கேள்விக்கு உடற்கூற்றியல் அடிப்படை உண்டு. இடக்கையில் பைசெப்ஸின் திருப்பம் இடச்சுற்று, அதாவது திறக்கும் திசை. எனவே பாட்டிலை வலக்கையில் பிடித்து இடக்கையால் திருகிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. முழங்கை செங்கோணத்தில் மடங்கி, முன்கை மூடிக்கு நேர்மேலே இருந்தால்தான் இந்த ஆதாயம் கிடைக்கும். கையைக் குறுக்கே வைத்தால் வேலை மணிக்கட்டுக்கும் தோளுக்கும் போய்விடும், பைசெப்ஸ் உதவாது.

திறக்காதபோது குற்றம் எங்கே என்பதை எளிதில் கண்டுபிடிக்கலாம். உள்ளங்கை மூடிமேல் வழுக்கினால் குறை பலத்தில் இல்லை, எண்ணெயில்; உலர்ந்த துணி போதும். மூடியோடு பாட்டிலும் சுழன்றால் பிடித்த கை தோற்றிருக்கிறது. பாட்டிலை மேசையில் ஊன்றி மார்போடு அணைத்துக்கொள்ளலாம். இரண்டும் அசையாமல் முழங்கைகள் மட்டும் வெளியே விரிந்தால் திருகும் கைக்குப் பலம் போதவில்லை. கையை மாற்ற வேண்டிய கட்டம் இதுதான். அதற்கும் மசியாவிட்டால் மரையில் உப்பும் எண்ணெயும் உறைந்திருக்கும். இரும்பு மூடியைச் சற்று நேரம் வெந்நீரில் காட்டினால், அது கண்ணாடியைவிட அதிகமாக விரிந்து பிடி தளர்த்தும். அதன்பின் எந்தக் கையும் திறக்கும்.