மிதிவண்டிச் சக்கரம் காராக மாறும் நிகழ்வு: ஓர் ஆய்வு

நிலைமத் திருப்புத்திறன் என்பது சுழற்றினால் சுழல மறுப்பதிலும், சுழன்றபின் நிற்க மறுப்பதிலும் ஒரு பொருள் காட்டும் பிடிவாதத்தின் அளவு. அலகு கிலோகிராம் மீட்டர்². நிறையைக் கையில் தூக்கிப் பார்த்து உணரலாம், நீளத்தைக் கண்ணால் அளக்கலாம். இந்த அளவுக்கு மட்டும் மனித உடலில் தராசு இல்லை. ஆகவே தேர்வுத்தாளில் 0.2 என்று வந்தாலும் 2,000 என்று வந்தாலும் மாணவர் ஒரே அமைதியோடு அடிக்கோடிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறார். அந்த அமைதியைக் குலைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட பொருள் மிதிவண்டிச் சக்கரம். 28 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 0.35 மீட்டர். ரிம், டயர், டியூப் எல்லாம் சேர்ந்த நிறை ஏறத்தாழ 2 கிலோ. இதில் பெரும்பங்கு விளிம்பில்தான் இருக்கிறது. நடுவிலுள்ள ஹப் அரைக் கிலோ இருந்தாலும் அச்சை ஒட்டியே இருப்பதால் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. கம்பிகளின் பங்கும் நூற்றுக்குச் சில விழுக்காடுதான். எனவே சக்கரத்தை வளையமாகவே கொள்ளலாம்: MR² = 2 × 0.35² ≈ 0.25. மனப்பாடம் செய்யவேண்டியது 'பத்தில் ஒன்றிரண்டு' என்பது மட்டுமே.

வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அச்சிலிருந்து மிகத் தொலைவிலுள்ள புள்ளி வரை R என்று கொண்டால், வளையத்துக்கு MR², வட்டத்தட்டுக்கு அதில் பாதி, திண்கோளத்துக்கு ஐந்தில் இரண்டு, முனையில் சுழலும் தண்டுக்கு மூன்றில் ஒன்று. ஒன்றுகூட MR²-ஐத் தாண்டாது. பாடநூல் வடிவங்களில் பெரும்பாலானவை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதும் இல்லை. பத்தின் அடுக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை நிறையும் ஆரமும்தான்.

இனி பிழையியல். மேற்கண்ட சக்கரத்துக்கு ஒரு மாணவர் 2,450 என்று விடை எழுதுகிறார். சரியான விடையைவிட இது பத்தாயிரம் மடங்கு. ஆரத்தைச் சென்டிமீட்டரிலேயே விட்டு 35-ஐ வர்க்கப்படுத்தியவரின் கைரேகை இது. விடை 245 என்றால் ஆயிரம் மடங்கு. நிறை கிராமில் நின்றுவிட்டது. 24,50,000 என்றால் ஒரு கோடி மடங்கு. இரண்டையும் மாற்றாமல் அலகை மட்டும் மாற்றி எழுதியவர் அவர். பிழையின் அளவே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது.

2,450 என்ற எண்ணுக்கு இயற்கையில் உரிமையாளர் இல்லாமல் இல்லை. நடுத்தரக் கார் ஒன்றைச் செங்குத்து அச்சில் திருப்பினால் ஏறத்தாழ அவ்வளவு வரும். அதாவது மாணவர் தேர்வுக் கூடத்திலேயே மிதிவண்டியைக் காராக மாற்றியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க நான்கு அடையாளக் கற்கள் போதும்: கிரிக்கெட் பந்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று, மிதிவண்டிச் சக்கரத்துக்குப் பத்தில் ஒன்றிரண்டு, கீலில் திறக்கும் வீட்டுக் கதவுக்குப் பத்து, காருக்கு ஆயிரம் இரண்டாயிரம்.

அடையாளக் கற்களை நினைவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அதே வினாவில் MR²-ஐ மறுபடி போட்டுச் சரிபார்ப்பவர், அதே 35-ஐயே மறுபடி வர்க்கப்படுத்துவார். திருடனையே சாட்சியாகக் கூப்பிடும் வழக்கு அது. சோதனை வேறு வழியில் வரவேண்டும்.

அப்படி ஒரு வழி ஆற்றல். வண்டி நொடிக்கு 5 மீட்டர் ஓடும்போது சக்கரம் நொடிக்கு சுமார் 14 ரேடியன் சுழலும். 0.25-ஐ வைத்தால் சுழற்சி ஆற்றல் 25 ஜூல். 2,450-ஐ வைத்தால் இரண்டரை லட்சம் ஜூல். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றாலும், அவர்களது மொத்த இயக்க ஆற்றல் 1,000 ஜூல்தான். ஒரு சக்கரம் மட்டும் அதைவிட 250 மடங்கு வைத்திருக்க வழியில்லை.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. அதே வளையத்துக்கு விட்டத்தை அச்சாக்கினால் 0.12, மையத்தின் வழியே தளத்துக்குச் செங்குத்தான அச்சென்றால் 0.25, தரையைத் தொடும் புள்ளி வழியே அதற்கு இணையான அச்சென்றால் 0.49. வினாத்தாள் தயாரிப்பவர் இம்மூன்றையும் அருகருகே விருப்பங்களாக வைத்தால் தோராயக் கணக்கு வாய் திறக்காது. ½ என்ற காரணியை மறந்தவரையும் அது பிடிக்காது. அலகில் தடுமாறியவரை மட்டுமே அது பிடிக்கும். அச்சில் தடுமாறியவர் வினாவைத்தான் மீண்டும் படிக்கவேண்டும்.