நாற்பது நிமிட ஸலாம்

கல்முனையில் கல்யாணப் பேச்சே 40 நிமிடத்தில் முடியாது; உயர்தர இரசாயன வகுப்பு முடியுமா? இலவச ஸூமோ பதில் ஸலாம் சொல்லவும் விடாமல் ஆளை வெளியே தள்ளிவிடும்.

சேர்மார் கண்ட வழி, முன்பே நேரம் குறித்த ஒரே கூட்டம், ஒரே லிங்க். 38ஆம் நிமிடத்தில் பதிவை நிறுத்தி, கூட்டத்தைத் தாங்களே முடித்துவிடுவார்கள். "தண்ணி குடிச்சிட்டு அதே லிங்கில வாங்க புள்ளயள்." பாதிப்பேர் தண்ணீர் தேடிக் கடற்கரைக்கே போய்விடுவார்கள், அது வேறு கதை.

இலவசக் கணக்கில் கைபேசியில் பதிவாகாது, கணினி வேண்டும். கூட்டம் முடிந்த பிறகே பதிவு வீடியோவாக மாறும். அவசரத்தில் லெப்டொப்பை மூடினால் `double_click_to_convert_01.zoom` என்றொரு கோப்புதான் மிஞ்சும். அதைக் குப்பையென்று அழிக்கிறவர்கள் அநேகம். இருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் வகுப்பு திரும்பிவிடும். பெயரிலேயே எழுதியிருக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை.