கேள்வி-பதில்: பாலத்துக்கு மேலே, வாய்க்காலுக்குக் கீழே

சிப்காட் வாசகர், பிள்ளைப்பாக்கம்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் முதல் தடவையாக எங்கள் ஊர்ச் சாலையை வரைந்தேன். ஏரி வாய்க்காலை அது கடக்கும் இடத்தில் எச்சரிக்கை வருகிறது. layer என்று ஒரு கட்டம் வேறு இருக்கிறது. அதில் என்ன போடுவது?

முதலில் ஸ்டேஷனரி கடையில் இரண்டு ஓ.எச்.பி. ஷீட் வாங்குங்கள். ஒன்றில் கறுப்பு மார்க்கரால் சாலை, இன்னொன்றில் நீல மார்க்கரால் வாய்க்கால். சாலைத் தாளை மேலே வையுங்கள். இரண்டு கோடுகளும் குறுக்கே போகின்றன, ஆனால் மை மையைத் தொடவில்லை. layer சொல்வது அவ்வளவுதான்: இந்த இடத்தில் எது மேல் தாள், எது கீழ்த் தாள். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் சாலை தண்ணீருக்குள் இறங்குகிறது என்று பொருள். எச்சரிக்கை வந்தது அதனால்தான்.

இப்போது நேரில் பார்த்துச் சொல்லுங்கள். அங்கே இருப்பது பாலமா, சாலைக்கு அடியில் போட்ட குழாயா? குழாய் என்றால் சாலை தரைத்தாளிலேயே இருக்கட்டும். வாய்க்காலைச் சாலையின் இரண்டு ஓரத்திலும் வெட்டி (iD எடிட்டரில் புள்ளியைத் தேர்ந்து X விசை), நடுத்துண்டுக்கு மட்டும் இப்படி எழுதுங்கள்:

```
tunnel=culvert
layer=-1
```

பாலம் என்றால் வெட்ட வேண்டியது சாலையை. அந்தத் துண்டுக்கு:

```
bridge=yes
layer=1
```

அதே வாசகர்: துண்டு துண்டாக வெட்டுவானேன்? வாய்க்கால் முழுவதுக்கும் -1 போட்டால் ஒரே வேலையாக முடிந்துவிடுமே?

வேலை முடியாது, சிக்கல்தான் கண்ணுக்கு மறைந்துவிடும். பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கம் பக்கம் போகிறது. வழியில் எத்தனையோ பாதைகள் குறுக்கிடும். வாய்க்கால் முழுக்கக் கீழ்த்தாளுக்குப் போய்விட்டால், ஜோசம் எடிட்டரின் சோதனை “இரண்டும் வேறு வேறு தாள்” என்று எல்லாக் கடவையையும் விட்டுவிடும். எங்கே பாலம், எங்கே குழாய், எங்கே தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும் என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள். எச்சரிக்கை அடங்கியிருக்கும், வரைபடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் அந்தப் பொய்யை நம்பி வண்டியோடு போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

வெட்டிய துண்டின் இரு முனையும் மற்ற துண்டுகளோடு ஒட்டியே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளில் இதைச் செய்து காட்ட முடியாது. நிஜச் சாலை ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு ஏறி, மறுபடி இறங்குகிறது. வரைபடத்தில் அந்த ஏற்றத்தைச் செய்வது முனையில் இருக்கும் பொதுப்புள்ளி.

ஒரகடம் வாசகி: மேம்பாலத்துக்கு layer=1 சரியாகப் போட்டேன். ஆனாலும் வழிகாட்டும் செயலி பாலத்தின் நடுவிலிருந்து கீழ்ச்சாலைக்குத் திரும்பச் சொல்கிறதே?

செயலி பெரும்பாலும் தாளைப் பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்க்கிறது. பாலமும் கீழ்ச்சாலையும் குறுக்கிடும் இடத்தில் பொதுப்புள்ளி ஒன்று இருந்தால், அது அங்கே சந்திப்பு என்று முடிவு கட்டிவிடும். நீங்கள் வரையும்போது கோட்டின் மேல் கிளிக் செய்திருப்பீர்கள், அது ஒட்டிக்கொண்டது. கடக்கும் இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் அதைத் தேர்ந்து D விசையைத் தட்டுங்கள், பிரிந்துவிடும். அடுத்த முறை அந்த இடத்தில் Alt விசையை அழுத்திக்கொண்டு வரையுங்கள், ஒட்டாது. ஏறுசாலை தொடங்கும் முனையில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ஒட்டியிருந்தால்தான் பாலத்துக்கே ஏற முடியும்.

ஸ்ரீபெரும்புதூர் வாசகர்: layer=3 என்றால் மூன்று மீட்டரா, மூன்று மாடியா?

இரண்டும் இல்லை, வரிசை எண். -5 முதல் 5 வரை போடலாம். தரை 0, அதை எழுதவே வேண்டாம். ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் இரண்டு வழித்தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. கீழ்த்தடத்துக்கு 1, மேல்தடத்துக்கு 2 போட்டால் போதும், உயரம் எத்தனை அடி என்று கேட்க வேண்டியதில்லை. அந்த 2 அந்த இடத்துக்கு மட்டும்தான். பிள்ளைப்பாக்கத்துச் சிறுபாலத்தின் 1-ஐவிட அது உயரமா என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

பிள்ளைப்பாக்கம் வாசகர் மறுபடியும்: செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே பாலமா, குழாயா என்று சொல்ல முடியாதா?

பெரிய பாலமென்றால் நிழல் விழும், ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிறிய கடவையில் மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், கைப்பிடிச் சுவர்கூட இரண்டிலும் உண்டு. iD எடிட்டர் பாலம் சேர்க்கவா என்று கேட்கும், கேட்டதற்காகத் தட்டிவிடாதீர்கள். நீங்கள் அந்த ஊர்க்காரர், ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு தடவை கீழே எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.