சார், கேட்ட விவரம்

போன புதன்கிழமை மதியம் இதை எழுதுபவரின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கணினித் திரையை யாரோ சாய்ந்து நின்று எடுத்த படம். திரையில் எக்செல் அட்டவணை, அதன்மேல் மின்விசிறியின் பிம்பம், ஓரத்தில் டிபன் பாக்ஸ் மூடி. கூடவே ஒரு வரி: ‘சார், கேட்ட விவரம்.’

அவர் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். பாடம் நடத்தாத நேரத்தில் ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளர். அதாவது ‘நாக்’குக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய தர அறிக்கைக்காக அக்கவுண்ட்ஸ், நூலகம், விடுதி, விளையாட்டுத் துறை என்று எல்லார் வாசலிலும் போய் நிற்பவர். அடுத்த துறையிடம் விவரம் கேட்டு வாங்குவதற்குச் சொந்த அனுபவத்தில் ஐந்து விதிகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார்.

ஆனால் அந்த டிபன் பாக்ஸ் மூடி.

அவர் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பியது எக்செல் படிவம். எட்டு வரி, மூன்று பத்தி. நிரப்பி அப்படியே திருப்பி அனுப்பினால் நான்கே நிமிடம். அது போன வழி இதுதான். முதலில் அக்கவுண்ட்ஸில் அதை அச்செடுத்தார்கள். அச்செடுத்ததைப் பேனாவால் நிரப்பினார்கள். கண்காணிப்பாளர் ஒரு 7-ஐ அடித்து 1 ஆக்கிச் சுருக்கொப்பம் வைத்தார். அடித்தல் திருத்தலோடு போனால் நன்றாயிருக்காது என்று மறுபடி தட்டச்சு செய்தார்கள், எக்செலில் அல்ல, வேர்டில். அதை அச்செடுத்து, ஒப்பமிட்டு, ரப்பர் ஸ்டாம்பைச் சரியாகக் கூட்டுத்தொகையின்மேல் குத்தி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினார்கள். பிடிஎஃப் தலைகீழாக வந்தது. தலைகீழாக இருப்பதைச் சொன்னதும், கோபித்துக்கொள்ளாமல், பழைய எக்செலைத் தேடித் திறந்து, எண்களை நிரப்பி, திரையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். திறந்தே இருந்த அந்தக் கோப்பை இணைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கேட்டார். “அது சாஃப்ட் காப்பிதானே சார், அதுல கையெழுத்து இல்லையே!” படத்திலும் கையெழுத்து இல்லை. ஸ்டாம்பும் இல்லை. மூடி மட்டும் இருந்தது. அந்த மூடியில் ஒட்டியிருந்தது எலுமிச்சை சாதமா, புளிசாதமா என்று அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது உண்மை. எண்களைவிட அது தெளிவாகத் தெரிந்தது. எலுமிச்சைதான்.

விதி ஒன்று: என்ன கேட்கிறோம் என்பதைத் தலைப்பால் சொல்லாதே, எல்லையால் சொல். இதை அவர் கற்றது எப்படி என்றால், மீறித்தான்.

அறிக்கையில் 4.1.4 என்று ஓர் இனம். சம்பளம் நீங்கலாக, கட்டமைப்பைப் பெருக்க அந்த ஆண்டில் செய்த செலவு, லட்சத்தில். அவர் எழுதிய கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘2023-24 கட்டமைப்புச் செலவு விவரம், உடனடி.’ வந்த தொகை 61,40,000. பார்க்க நல்ல தொகை. படத்தில் மின்விசிறி மறைக்காத வரிகளை வைத்து அவர் பிரித்துப் பார்த்தார். அதில் காவலர்களின் ஊதியம் 9,20,000. அது சம்பளம், போக வேண்டும். வெள்ளையடித்தது 7,80,000. லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் 3,60,000. இவை இரண்டும் பராமரிப்பு, அதற்கு 4.4.1 என்று தனி இனம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் காட்டினால் ஒரே சுண்ணாம்பை இரண்டு முறை அடித்த கணக்கு. எல்லாம் போக மிஞ்சியது 40,80,000.

அக்கவுண்ட்ஸின் தவறா? இல்லை. அவர்கள் பேரேட்டில் ‘கட்டடம், தளவாடம்’ என்று ஒரே தலைப்புதான். எதற்குக் கேட்கிறார், எதைச் சேர்க்கக் கூடாது என்று கேட்டவர் சொல்லவில்லை. புதிதாக வாங்கியது, கட்டியது மட்டும். சம்பளமும் பழுதுபார்த்ததும் வேண்டாம். தணிக்கையான கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று மூன்று துண்டு வாக்கியம் எழுத அவருக்குச் சோம்பல். ‘உடனடி’ என்று எழுத மட்டும் சோம்பல் இல்லை.

அலகும் அப்படித்தான். லட்சத்தில் கேட்கும் கட்டத்தில் 40.80 என்று போட வேண்டும். வரைவில் முதலில் 4080000 என்றே ஏற்றியிருந்தார். அதை லட்சத்தில் படித்தால் 40,800 கோடி ரூபாய். கழிவறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற மூன்று மாதம் யோசிக்கும் கல்லூரி அது.

விதி இரண்டு: ‘2023-24’ என்று ஒரு வருஷம் கிடையாது. அக்கவுண்ட்ஸுக்கு அது ஏப்ரல் முதல் மார்ச். அலுவலகத்துக்கு ஜூன் முதல் மே. வேலைவாய்ப்புப் பிரிவுக்கு அது ஒரு பேட்ச். அந்தப் பிள்ளைகள் எப்போது வெளியே போனார்களோ அதுவரை. மூவரும் சரியாகவே கொடுப்பார்கள், மூன்றும் ஒட்டாது. ‘01.04.2023 முதல் 31.03.2024 வரை’ என்று தேதியாகவே எழுத வேண்டும்.

விதி மூன்று கெடு பற்றியது. இதில்தான் எல்லாரும் பொய்யர்கள். அறிக்கைக்கு டிசம்பர் 31 கெடு என்றால், அவர் துறைகளுக்கு நவம்பர் 30 என்பார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று துறைகளுக்குத் தெரியும். துறைகளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். எனவே இந்த வருஷம் நவம்பர் 15 என்றார். அந்தத் தேதி வந்ததும் எல்லாரும் நிம்மதியாகத் தள்ளிப்போட்டார்கள். உண்மைத் தேதியையும், அதற்கு முன் அவருக்குச் சரிபார்க்கப் பத்து நாள், முதல்வர் ஒப்பத்துக்கு ஐந்து நாள் தேவை என்பதையும் சேர்த்துச் சொன்ன ஒரே முறை, விடுதிக் காப்பாளர் இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்தார். அந்த ஒருமுறையோடு அவர் ஏன் நிறுத்திக்கொண்டார் என்பது அவருக்கே விளங்கவில்லை.

இன்னொன்று. ஒன்றும் இல்லாத துறை பதிலே போடாது. விளையாட்டுத் துறை பேசாமல் இருந்தால், அங்கே எதுவும் வாங்கவில்லையா, கடிதத்தையே பார்க்கவில்லையா? ‘இல்லை’ என்றால் ‘இல்லை’ என்றே எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அரசு அலுவலகங்களில் ‘இன்மை அறிக்கை’ என்று அதற்குப் பெயரே உண்டு. அவர் கேட்கவில்லை. ‘நினைவூட்டு 1’, ‘நினைவூட்டு 2’ என்று மட்டும் அனுப்பினார்.

விதி நான்கை எழுதத் தொடங்கும்போது மின்னஞ்சல் மணி அடித்தது. அக்கவுண்ட்ஸ். இணைப்பு: `infra_final_new_corrected2.xlsx`. படம் இல்லை, ஸ்கேன் இல்லை, அசல் எக்செல். எட்டு வரி, மூன்று பத்தி, சம்பளமும் சுண்ணாம்பும் நீங்கலாக. அவருக்குக் கண் கலங்கியது. கீழே கூட்டுத்தொகை போட்டிருக்கவில்லை; போனால் போகிறது என்று தானே தட்டினார்:

```
=SUM(C2:C9)
```

0 வந்தது.

மறுபடி தட்டினார். மறுபடியும் 0. அப்புறம்தான் கவனித்தார்: எண்கள் எல்லாம் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தன. எக்செல் எண்ணை வலப்பக்கம் தள்ளும், எழுத்தை இடப்பக்கம் நிறுத்தும். ஒவ்வொரு கட்டத்திலும் மரியாதையாக, முன்னால் ‘ரூ.’ என்றும் பின்னால் ‘/-’ என்றும் தட்டச்சு செய்திருந்தார்கள். காசோலையில் எழுதுகிற பழக்கம். யாரும் இடையில் இன்னொரு எண்ணைச் செருகிவிடக் கூடாதாம்.

இப்போது அவர் ‘நினைவூட்டு 3’ அடித்துக்கொண்டிருக்கிறார். ‘பார்வை’ என்ற இடத்திலேயே நான்கு வரி வந்துவிட்டது. பொருளுக்கு இன்னும் போகவில்லை.