பொடி எழுத்தைக் காட்டியும் காட்டாமல் இருப்பது எப்படி?

ஆடி பிறந்துவிட்டது. நகைக்கடை முதலாளி உங்களிடம் 20 விநாடி டிவி விளம்பரம் கேட்கிறார். பெரிய எழுத்தில் வரவேண்டிய வரி அவர் கையாலேயே எழுதியது: "எல்லா நகைகளுக்கும் சேதாரத்தில் 50% தள்ளுபடி!" கணக்குப்பிள்ளை தனியே ஒரு துண்டுச் சீட்டு நீட்டுகிறார்: "22 காரட் தங்க நகைகளுக்கு மட்டும். குறைந்தது 8 கிராம். வைரம், பிளாட்டினம், நாணயங்களுக்குப் பொருந்தாது. கல் விலை, ஜிஎஸ்டி தனி. ஆகஸ்ட் 16 வரை." எண்ணிப் பார்த்தால் 19 சொற்கள். இதைப் போடாவிட்டால் சிக்கல், படிக்கிற மாதிரி போட்டால் கூட்டம் வராது என்பது முதலாளியின் கவலை. கவலையை விடுங்கள். கீழே உள்ளபடி செய்தால் 19 சொற்களும் திரையில் இருக்கும், ஒருவர் கண்ணிலும் படாது.

முதல் படி: உயரத்தை உங்களுக்குச் சாதகமாக அளந்துகொள்ளுங்கள்

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், அதாவது ஆஸ்கி, எச்.டி. திரையின் 1080 கோடுகளில் எழுத்து குறைந்தது 18 கோடு உயரம் இருக்கவேண்டும் என்கிறது. அளக்கச் சொல்வது ஆங்கிலச் சின்ன எழுத்தின் உயரத்தை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லையே! உங்களுக்கு வாசல் திறந்தாயிற்று. மேலே சுழியும் கீழே வாலும் உள்ள எழுத்தாகத் தேடிப் பிடியுங்கள். "ளி" தலையிலிருந்து "கு" வால் வரை அளந்து 18 என்று எழுதிக்கொள்ளுங்கள். "ட", "ப" போன்ற எழுத்துகளின் உடல் அதில் பாதிதான் தேறும். நேர்மையாக அளப்பவர்கள் "ட"வின் உடலைத்தான் அளப்பார்கள். அவர்களைச் செட்டுக்குள் விடாதீர்கள்.

18 கோட்டை ஒழுங்காகவே அளந்தாலும் பயப்பட வேண்டாம். அது திரை உயரத்தில் அறுபதில் ஒரு பங்கு. 43 அங்குல டிவியில் சுமார் 9 மில்லிமீட்டர் வரும்; கூடத்தில் உட்கார்ந்து படித்துவிடலாம். அதே விளம்பரத்தை நிமிர்த்திப் பிடித்த செல்போனில் ஓட விட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. விதியையும் காப்பாற்றினீர்கள், ரகசியத்தையும் காப்பாற்றினீர்கள். செல்போனுக்கென்று எழுத்தைப் பெரிதாக்கித் தனிப் பிரதி எடுக்கலாமே என்று யாராவது கேட்டால், பட்ஜெட் இல்லை என்று சொல்லுங்கள்.

இரண்டாம் படி: பட்டுப்புடவையின் மேல் எழுதுங்கள்

மணப்பெண் அரக்கு நிறப் புடவையில் திரும்புகிறாள். எழுத்தை அந்தப் புடவையின் மேலேயே மெரூன் நிறத்தில் ஓடவிடுங்கள். ஒளிபரப்புக்காகப் படத்தைச் சுருக்கும்போது வெளிச்ச வேறுபாட்டை ஓரளவு முழுமையாக வைத்துக்கொண்டு, நிறத் தகவலில்தான் முதலில் கைவைப்பார்கள். நிறம் மட்டும் வேறாக இருந்து வெளிச்சம் ஒன்றாகவே இருக்கிற எழுத்து, சுருக்கியதும் புடவையோடு கரைந்துபோகும். ஜரிகை மினுக்கல் மிச்சத்தையும் முடித்துவிடும். எழுத்து மெலிசாக இருக்கட்டும். முதலில் புள்ளிகள் உதிரும், பிறகு சுழிகள் அடையும், கடைசியில் 8 கிராமா 3 கிராமா என்பது பார்ப்பவரின் யோகத்தைப் பொறுத்தது. வெள்ளை எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்று போட்டால் இந்த வித்தைகள் அத்தனையும் பாழாகும். "லுக் கெட்டுப்போகும்" என்று சொல்லிப் பட்டையைத் தடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நேரத்தைத் திருடுங்கள்

ஆஸ்கி கணக்கில் ஒரு ஃபிரேமில் ஒரே ஒரு நிபந்தனைக் குறிப்புதான் வரலாம். அதுவும் இரண்டு முழு வரிக்குள் அடங்கவேண்டும், வரிக்கு 4 விநாடிக்கு மேல் நிற்கவேண்டும். நம் 19 சொற்கள் இரண்டு வரி. அப்படியானால் 8 விநாடிக்கு மேல், 20 விநாடியில் ஏறக்குறைய பாதி! மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களில் மூச்சு விடாமல் வரும் சந்தை அபாய எச்சரிக்கைக்குக்கூட, ஆங்கிலத்தில் 14 சொற்களுக்குக் குறைந்தது 5 விநாடி என்பதைத்தான் செபி உதாரணமாகச் சொல்கிறது. உங்களுக்கோ கடைசி லோகோ ஷாட்டில் ஒன்றரை விநாடி போதும்.

யாராவது 8 விநாடி கொடுத்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தால், அதற்கும் வழி உண்டு. அந்த 8 விநாடிக்குள் பத்து ஷாட் வெட்டுங்கள், தள்ளுபடி எண்ணைக் குதிக்க விடுங்கள், நட்சத்திரத்தைச் சிரிக்க விடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கண் படத்தின் நடுவுக்கே ஓடும். கீழே எழுத்து அசையாமல் நின்றாலும் அதைப் படிக்க ஆள் இருக்காது.

நான்காம் படி: பத்து விநாடியாக வெட்டுங்கள்

இரண்டாவது வாரம் செலவைக் குறைக்க 10 விநாடிப் பிரதி கேட்பார்கள். எழுத்தைப் புதிதாக அடிக்காதீர்கள். படத்தோடு ஒட்டிய எழுத்து படத்தோடு சேர்ந்தே வெட்டுப்படும். 8 விநாடி தானாக 3 ஆகும். தள்ளுபடியை ஆகஸ்ட் 23 வரை நீட்டித்தால் குரலில் மட்டும் மாற்றுங்கள். எழுத்து 16 என்றே சொல்லிக்கொண்டிருக்கட்டும். எழுத்தைத் தனி அடுக்காக வைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் நேரத்தைச் சரிபார்த்து, சொற்களையும் தேதியையும் கணக்குப்பிள்ளையின் சீட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதெல்லாம் வேலை இல்லாதவர்கள் செய்வது.

ஐந்தாம் படி: பெரிய எழுத்து சொன்னதைச் சின்ன எழுத்தில் மறுத்துவிடுங்கள்

மேலே "எல்லா நகைகளுக்கும்", கீழே "22 காரட் தங்கத்துக்கு மட்டும்". இதுதான் நம் கலையின் உச்சம். ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் உண்டு. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நிபந்தனைக் குறிப்பு விளம்பரம் சொன்னதை விளக்கலாம், ஆனால் மறுக்கக் கூடாது. எழுத்தை ஒரு முழம் உயரத்துக்குப் போட்டு நிமிடக்கணக்கில் நிறுத்தினாலும் "எல்லா" என்ற சொல் பொய்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. முதலாளியிடம் இதைச் சொல்ல வேண்டாம். விளம்பர பட்ஜெட்டில் "இதர செலவுகள்" என்று ஒரு தலைப்பு எப்போதும் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை

எடிட்டிங் அறையில் ஒரு விஷமி இருப்பார். "எழுத்தைச் சுருக்குவானேன், வாக்குறுதியைத் திருத்திவிடலாமே" என்பார். பெரிய வரியை இப்படி மாற்றுவார்: "22 காரட் தங்க நகை, 8 கிராம் முதல் சேதாரம் பாதி!" உடனே தங்கம் மட்டும், குறைந்தது 8 கிராம் ஆகிய நிபந்தனைகள் மேலே ஏறிவிடும். வைரமும் பிளாட்டினமும் நாணயமும் பேச்சிலேயே வராது. கீழே மிஞ்சுவது "கல் விலை, ஜிஎஸ்டி தனி. ஆகஸ்ட் 16 வரை" என்ற 7 சொற்கள். ஒரே வரி, 4 விநாடியும் சற்று மேலும். எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் இடம் மிஞ்சும், 10 விநாடிப் பிரதியிலும் அடங்கும். செல்போனிலும் ஓரளவு தெரிந்து தொலைக்கும்.

அவர் சொன்னபடி செய்தால், 6 கிராம் தோடு வாங்க வந்தவர் பில் போடும் இடத்தில் சண்டை போடமாட்டார். அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். முதலாளிக்குப் பிடிக்காதது அதுதான்.