திர்ஹாமும் திண்ணையும்

துபாயில் சேர்த்த ஒரு லட்சம் திர்ஹாமோடு ஊர் திரும்பிவிட்டேன். ரூபாய் இன்னும் விழட்டும் என்று காத்திருக்கலாமா?
– ஒரு வாசகர், கடையநல்லூர்

நாடே விழக்கூடாது என்று வேண்டுகிறது, நீங்கள் விழட்டும் என்கிறீர்கள்! 2013 மே தொடக்கத்தில் உங்கள் லட்சத்தை மாற்றியவருக்குச் சுமார் 14.7 லட்சம் ரூபாய் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில் அதுவே 18.7 லட்சத்தைத் தொட்டது. 'இருபது வரட்டும்' என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு டிசம்பரில் 17 லட்சம்கூடத் தேறவில்லை.

அப்படியானால் திர்ஹாமை நம்பக்கூடாதா?

பாவம், அது நகரவே இல்லையே! 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஆடுவதெல்லாம் நம் ரூபாய்தான். அது விழுந்தால் உங்கள் கணக்கு வீங்கும். இறக்குமதியாகும் கச்சா எண்ணெயும் பாமாயிலும் சேர்ந்து வீங்கி, லாபத்தில் பங்கு கேட்கும்.

மொத்தமாக மாற்றாமல் இங்கேயே டாலராக வைக்க வழி உண்டா?

உண்டு. ஊர் திரும்பியவர்களுக்கென்றே வங்கிகளில் 'ஆர்.எஃப்.சி.' கணக்கு இருக்கிறது. ஆனால் மளிகைக்கடை அண்ணாச்சி டாலர் வாங்கமாட்டாரே! இரண்டு வருடச் செலவை இப்போதே ரூபாயாக்குங்கள். மீதியை வருடத்துக்கு ஒரு பங்காக மாற்றினால் உச்ச விலை கிடைக்காது; அடிமட்ட விலையில் முழுதும் சிக்காது. மகள் வெளிநாட்டில் படிக்கப்போகிறாள் என்றால், அந்தப் பங்கை மட்டும் டாலராகவே விட்டுவையுங்கள். செலவு எந்த நாணயத்திலோ, சேமிப்பும் அதில்தான் இருக்க வேண்டும்.